நீட்டிப் படுத்த முட்டி

எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் மற்றவர்களைப் படுக்கவைத்துப் படமெடுப்பது என் வேலை. பெடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவன். லயத்துக்கு முன்னால் இருந்த பாடாங்கில் பழகிய பந்து, முப்பத்தைந்து வயதைத் தாண்டியும் என்னை விடவில்லை. அதனால் சுங்கை பட்டாணியில் ஒரு ஃபுட்சால் தளத்தில் என் வலது முட்டி போனபோது, உள்ளே என்ன அறுந்திருக்கும் என்று விழுந்த கையோடு தெரிந்துவிட்டது. யாரும் என்னை இடிக்கவில்லை. ஓடிவந்த வேகத்தில் வலது காலை ஊன்றி இடப்பக்கம் திரும்பினேன். பாதம் தரையைப் பிடித்துக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பியது, முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தது. ‘டொக்’ என்று ஒரு சத்தம்.

தெரிந்தும் நம்ப மனமில்லை. தீபாவளியை ஒட்டி ஒரு போட்டி இருந்தது, அதில் ஆட ஆசை. ஆனால் காரில் வீடு வந்து சேர்வதற்குள் முட்டி பானைபோல் உப்பிவிட்டது. ஓரிரண்டு மணி நேரத்துக்குள் வரும் வீக்கம் பெரும்பாலும் மூட்டுக்குள் ரத்தம் கசிந்ததால் வருவது. மெனிஸ்கஸ் மட்டும் கிழிந்தால் வீக்கம் பொதுவாக மெல்ல, மறுநாள் வாக்கில்தான் தெரியும். அம்மா பார்த்துவிட்டு, “ஜவ்வு பெரண்டிருக்கும்யா, சின்சேகிட்ட ஒரு தடவ காட்டிட்டு வா” என்றார். கிளினிக்கில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. இருக்கவும் இருக்காது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், தசைநாரைக் காட்டாது.

அலோர் ஸ்டாரிலும் சுங்கை பட்டாணியிலும் பேட்மிண்டன் பார்ப்பவர்களுக்குக் கரோலினா மரினின் முட்டி நினைவிருக்கும். 2019 ஜனவரியில் ஜகார்த்தாவில், சாய்னா நேவாலோடு ஆடிய இறுதியாட்டத்தில் அவர் வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். எதிராளி வலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் விளையாட்டு அது, இடிக்க ஆளே இல்லை. 2021-ல் இடது முட்டியில் முன் சிலுவைத் தசைநாரும், அதாவது ஏ.சி.எல்.லும், இரண்டு மெனிஸ்கஸும் சேர்ந்தே கிழிந்தன. 2024 பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் மறுபடி வலது முட்டி. ஏ.சி.எல். கிழிசல்களில் பெரும்பாலானவை இப்படித்தான், யாரும் தொடாமலே, ஊன்றும்போதும் திரும்பும்போதும் நிகழ்கின்றன.

சில நாள் கழித்து என் இயந்திரத்தில் நானே படுத்தேன். முட்டியைச் சுற்றி மாட்டும் கூடு போன்ற காயிலைச் சக ஊழியர் பூட்டினார். ஏறக்குறைய அரைமணி நேரம் இடிச்சத்தம். அத்தனை நேரமும் கால் நீட்டியபடி, ஆடாமல் இருக்க வேண்டும்.

படத்தைத் திறந்ததும் நான் தேடியது ஏ.சி.எல்.லை அல்ல, எலும்பை. முட்டிக்கு நாங்கள் முக்கியமாக எடுக்கும் படத்தில் கொழுப்பின் ஒளி அடக்கப்பட்டிருக்கும், நீர் மட்டும் வெள்ளையாகத் தெரியும். நல்ல எலும்பு அதில் இருண்டிருக்கும். என்னுடையதில் வெளிப்பக்கம் இரண்டு வெண்மேகங்கள் இருந்தன: ஒன்று தொடை எலும்பின் அடியில் நடுவாக்கில், மற்றது முன்கால் எலும்பின் மேல்விளிம்பில், பின்புறத்தில். நின்ற நிலையில் இந்த இரண்டு இடமும் ஒன்றையொன்று தொடாது. தசைநார் அறுந்து முன்கால் எலும்பு முன்னே வழுக்கிய அந்த நொடியில்தான் இரண்டும் மோதும். மோதிய இடத்தில் எலும்பின் உள்ளே ரத்தமும் நீரும் கட்டும். சில மாதங்களில் அது மறைந்துவிடும். இந்த ஜோடியைக் கண்டால் ஏ.சி.எல். எப்படி இருக்கும் என்று பாதி சொல்லிவிடலாம்.

பிறகு ஏ.சி.எல். நல்ல தசைநார் இந்தப் படத்தில் கறுப்பு. அதன் நார்களில் நீர் இறுகிக் கட்டுண்டிருப்பதால் ஒளி வராது. பக்கவாட்டுப் படத்தில் அது முட்டியின் உள்பள்ளத்துக் கூரையோடு இணையாக, விறைப்பாக, கீழே முன்னோக்கி இறங்கும் பட்டை. எனக்கு அந்த இடத்தில் வெள்ளையாகக் குழம்பிய ஒரு திரளும், அதற்குக் கீழே தொய்ந்து, தரையைப் பார்த்துச் சாய்ந்துவிட்ட சில நார்களும் இருந்தன. முழுக் கிழிசல். இதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அரைகுறைக் கிழிசலில்தான் படம் தடுமாறும்: வீக்கத்தால் வெளுத்த நாரையும் அறுந்த நாரையும் பிரித்துச் சொல்வது கடினம்.

மெனிஸ்கஸில்தான் என் கண் நின்றது. அதுவும் கறுப்புதான், வெட்டுமுகத்தில் முக்கோணம். உள்ளே ஒரு வெண்கோடு இருப்பதாலேயே கிழிசல் என்று சொல்லிவிட முடியாது. கோடு மேற்பரப்பையோ கீழ்ப்பரப்பையோ தொட வேண்டும், அதுவும் இரண்டு படங்களிலாவது தொட வேண்டும். ஒரே படத்தில் மட்டும் தொட்டால் ‘இருக்கலாம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். என் உள்பக்க மெனிஸ்கஸின் முக்கோணம் எல்லாப் படத்திலும் கறுப்பாக, முழுசாக இருந்தது. ஆனால் அதன் பின்முனைக்கும் மூட்டுறைக்கும் நடுவே, ஒரே ஒரு படத்தில், மயிரிழை வெள்ளை. அதற்குக் கீழே முன்கால் எலும்பின் உள்பக்கப் பின்மூலையில் இன்னொரு சிறு மேகம். ரேடியாலஜிஸ்ட் ஏ.சி.எல். கிழிசலை உறுதியாக எழுதிவிட்டு, இதைச் ‘சந்தேகத்துக்குரியது’ என்று குறித்தார். சரியான சொல்தான்.

எலும்பு நிபுணர் படத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பிடித்தார். முட்டியை இருபது முப்பது பாகை மடக்கி, ஒரு கையால் தொடையை அழுத்தி, மறுகையால் கீழ்க்காலை முன்னே இழுத்தார். லாக்மன் சோதனை. நல்ல முட்டியில் கொஞ்சம் வந்ததும் ‘டக்’கென்று நிற்கும். என்னுடையது நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. “தம்பி, இது ஆட்டம் கண்ட முட்டி. படம் இன்னும் என்ன சொல்கிறது பார்ப்போம்” என்றார்.

அந்த மயிரிழையைக் காட்டிக் கேட்டேன். ஏ.சி.எல். அறும்போது உள்பக்க மெனிஸ்கஸின் பின்முனை உறையிலிருந்து உரிந்துகொள்வது உண்டு என்றார். ராம்ப் கிழிசல் என்பார்கள். மெனிஸ்கஸ் முழுசாகவே இருக்கும், பிடிப்புதான் விட்டிருக்கும். காலை நீட்டிப் படுத்தால் பின்னால் உள்ள உறை இறுகி அந்த இடைவெளியை மூடிவிடுகிறது. படமோ நீட்டிய முட்டியில்தான் எடுக்கப்படுகிறது. மடக்கினால் திறக்கும். ஆகவே படத்தில் தெரியாவிட்டால் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

ஆர்த்ரோஸ்கோப்பி நாளன்று அவர் முன்பக்கத் துளையோடு நிற்கவில்லை. கேமராவை எலும்புகளுக்கு நடுவே பின்னறைக்குள் செலுத்தி, உள்பக்கப் பின்புறத்தில் ஊசி நுழைத்துத் துழாவிப் பார்த்தார். உறை விலகியது. ஏ.சி.எல்.லுக்குப் புது நார் வைத்ததோடு உரிந்த அந்த இடத்துக்கும் தையல் போட்டார். தைக்காமல் விட்டிருந்தால் முன்கால் எலும்பு முன்னே வழுக்குவதைத் தடுக்கும் ஒரு துணை குறைந்திருக்கும், புது நார்மேல் பளு கூடியிருக்கும். தையல் போட்டதால் சில வாரம் ஊன்றுகோலோடு நடக்கவும், ஆழமாகக் குந்தாமல் இருக்கவும் சொன்னார்கள். கழிவறையில் குந்தியே பழகிய எங்கள் வீட்டில் அதுதான் பெரிய பிரச்சினையாக இருந்தது.

படமெடுக்க வரும் படிவங்களில் பல நேரம் ‘வலது முட்டி வலி’ என்று மட்டும்தான் இருக்கும். கூலிம், பாடாங் செராய் பக்கமிருந்து பையன்கள் வந்தால், காயில் மாட்டுவதற்கு முன் இப்போது நானே கேட்கிறேன்: யாராவது இடித்தார்களா, சத்தம் கேட்டதா, எத்தனை மணி நேரத்தில் வீங்கியது, நடக்கும்போது முட்டி நழுவுகிறதா, நீட்ட முடியாமல் பூட்டிக்கொள்கிறதா. பதிலை ரேடியாலஜிஸ்டுக்குப் போகும் தாளில் எழுதிவிடுகிறேன். ‘திரும்பும்போது சத்தம், அன்று இரவே வீக்கம்’ என்று இருந்தால், அந்த உள்பக்கப் பின்மூலையை அவர் இன்னொரு முறை பார்ப்பார்.