நீலம் என்றால் டெங்கு என்று நினைத்தோம்

இன்னிக்கு மருந்து, மாத்திரை பற்றி எதுவும் பேசப்போவதில்லை. கலர் பற்றி ஒரு நீண்ட இழை. நான் செய்த ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால், வடகிழக்குப் பருவமழை முடியும் நேரம். நான் வேலை பார்த்த மருத்துவமனையில் காய்ச்சல் வார்டு நிரம்பி வழிந்தது. அந்த மாதத்துக்கான அறிக்கையைத் தயாரிக்கும் பொறுப்பு என்னுடையது. எக்செல்லில் இரண்டு வட்டப்படம் போட்டேன். முதல் படம், எந்தக் காய்ச்சலுக்கு எத்தனை பேர் அட்மிட் ஆனார்கள் என்பது. இரண்டாவது, அதில் எத்தனை பேர் ஐசியூவுக்குப் போனார்கள் என்பது.

எண்களை இங்கே கொஞ்சம் மாற்றித் தருகிறேன். கதை மட்டும் அப்படியே.

அட்மிஷன்: டெங்கு 60, டைபாய்டு 20, ஸ்க்ரப் டைபஸ் 16, எலிக்காய்ச்சல் 6, மலேரியா 2.
ஐசியூ: ஸ்க்ரப் டைபஸ் 7, டெங்கு 4, எலிக்காய்ச்சல் 2. டைபாய்டிலும் மலேரியாவிலும் யாரும் ஐசியூவுக்குப் போகவில்லை. அதனால் அந்த இரண்டு வரியையும் நான் பட்டியலில் சேர்க்கவே இல்லை. பெரியது முதல் சிறியது வரை அழகாக அடுக்கியும் வைத்தேன்.

மீட்டிங்கில் ப்ரொஜெக்டரில் முதல் படம் வந்தது. பாதிக்கு மேல் நீலம். "டெங்குதான் அதிகம்" என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த படம். அதிலும் பாதிக்கு மேல் நீலம். கண்காணிப்பாளர் உடனே சொன்னார்: "ஐசியூவையும் டெங்குதான் நிரப்புது. ஸ்க்ரப் டைபஸ் அவ்வளவா இல்ல போல. அடுத்த மாசம் ஸ்க்ரப் எலைசா கிட் ஆர்டரைப் பாதியாக்கிடலாம். அந்தக் காசை டெங்கு பக்கம் திருப்பலாம்."

அறிக்கையைத் தயாரித்த நானும் தலையாட்டினேன். அதுதான் வெட்கம்!

பின்வரிசையிலிருந்து ஐசியூ இன்சார்ஜ் சிஸ்டர் எழுந்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. டெங்கு இந்த மாசம் எங்க கிட்ட அவ்வளவு வரல. மூச்சுத்திணறலோட வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு அக்குள்லயோ இடுப்புலயோ அந்தக் கறுப்புப் பொருக்கு இருந்துச்சு. நான்தான் பார்த்துச் சொன்னேன்."

கறுப்புப் பொருக்கு தெரியும்தானே? சிகரெட்டால் சுட்டது மாதிரி இருக்கும். ஸ்க்ரப் டைபஸைப் பரப்பும் உண்ணிக் குஞ்சு கடித்த இடம் அது. பார்த்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் தொடங்கிவிடலாம். பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். பொருக்கு இல்லாதவர்களுக்குத்தான் கிட் தேவை. கிட் இல்லாவிட்டால் சந்தேகம் வருவதே தாமதமாகும். தாமதமானவர்கள்தான் ஐசியூவுக்கு வருகிறார்கள்.

மறுபடி படத்தைப் பார்த்தோம். கீழே குட்டியாக இருந்த கலர் குறிப்பை முதல் முறையாகப் படித்தோம். இரண்டாவது படத்தில் நீலம் என்பது ஸ்க்ரப் டைபஸ். டெங்கு ஆரஞ்சுக்குப் போயிருந்தது. முதல் படத்தில் அதே ஆரஞ்சு டைபாய்டு. முதல் படத்தில் ஸ்க்ரப்புக்கு இருந்த சாம்பல் நிறம், இரண்டாவதில் எலிக்காய்ச்சலுக்கு.

முதல் படத்தின் கலரை மனதில் வைத்துக்கொண்டு இரண்டாவதைப் படித்தவருக்கு என்ன கிடைத்திருக்கும்? டெங்கு 7, டைபாய்டு 4, ஸ்க்ரப் 2. அதாவது ஸ்க்ரப் வந்த 16 பேரில் 2 பேர்தான் ஐசியூ. உண்மை என்ன? 16 பேரில் 7 பேர். டெங்குவிலோ 60 பேரில் 4 பேர்தான். எண் ஒன்றுகூடத் தப்பில்லை. முடிவு மட்டும் தலைகீழ்.

கிட் ஆர்டர் குறைக்கப்படவில்லை. சிஸ்டருக்கு நன்றி.

"கலர் குறிப்புதான் கீழே இருக்கே, படிச்சிருக்கலாமே?" என்று கேட்பீர்கள். படிக்க மாட்டோம். ரத்தம் எடுக்கும் ட்யூபை நினைத்துப் பாருங்கள். ஊதா மூடி என்றால் ரத்த அணு எண்ணிக்கைக்கு. வெளிர் நீலம் என்றால் உறைதல் பரிசோதனைக்கு. சாம்பல் என்றால் சர்க்கரைக்கு. நடுராத்திரி மூன்று மணிக்கு எந்த நர்ஸும் லேபிளைப் படித்துவிட்டு ட்யூபை எடுப்பதில்லை. மூடியின் கலரைப் பார்த்துக் கை தானாகப் போகிறது. ஒரே ட்ரேயில் இரண்டாவது அடுக்கில் மட்டும் கலரை மாற்றி வைத்தால் என்ன ஆகும்? அறிக்கையிலும் அதேதான். முதல் படத்தில் படிப்பவர் கலரைக் கற்றுக்கொள்கிறார். அடுத்த படத்திலிருந்து அதை நம்பி வேகமாகப் போகிறார்.

சரி, எக்செல் ஏன் இப்படிச் செய்கிறது? அதற்கு டெங்கு என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது வரிசை எண் மட்டும்தான். வட்டப்படத்தில் முதல் வரிக்கு முதல் கலர், இரண்டாவது வரிக்கு இரண்டாவது கலர். எங்கள் கம்ப்யூட்டரில் இருந்த பதிப்பில் அது நீலம், ஆரஞ்சு, சாம்பல், மஞ்சள் என்று போகும். நீங்கள் ஒரு வரியை நீக்கினாலோ, பெரியது சிறியது என்று அடுக்கினாலோ நோய் இடம் மாறும். கலர் இடம் மாறாது.

அதனால்தான் சார்ட்டை டெம்ப்ளேட்டாகச் சேமித்துவைத்தாலும் தப்பிக்க முடியாது. டெம்ப்ளேட்டும் 'முதலாவது நீலம்' என்றுதான் ஞாபகம் வைத்திருக்கும், 'டெங்கு நீலம்' என்று அல்ல. இதை நம்பி நான் இன்னொரு மாதமும் ஏமாந்தேன்.

இப்போது நான் செய்வது இதுதான்.

முதலில், எந்தப் படமும் போடுவதற்கு முன் ஒரு தனி ஷீட்டில் நோய்க்கு ஒரு கலர் என்று எழுதிவிடுவேன். டெங்கு #0072B2, நீலம். ஸ்க்ரப் #D55E00, செங்கல் நிறத்துக்குக் கிட்ட. டைபாய்டு #009E73, பச்சை. எலிக்காய்ச்சல் #CC79A7, இளஞ்சிவப்பு. மலேரியா #E69F00, ஆரஞ்சு. இவை ஜப்பானைச் சேர்ந்த ஒகாபே, இட்டோ என்ற இருவர் நிறக்குருடு உள்ளவர்களும் பிரித்தறியும்படி தேர்ந்தெடுத்த வண்ணங்களில் சில. சிவப்பு, பச்சை குழம்பும் ஆண்கள் எல்லா மீட்டிங்கிலும் இருக்கலாம். வெளியே சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது, எல்லாப் படங்களுக்கும் நோய்களின் வரிசை ஒன்றே. ஐசியூவில் டைபாய்டு பூஜ்யமா? பூஜ்யம் என்று எழுதி வரியை விட்டுவைப்பேன். நீக்க மாட்டேன். இது மட்டுமே முக்கால்வாசிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். பூஜ்யத்தைப் பார்ப்பதும் ஒரு தகவல்தானே!

ஒருவேளை பெரியது சிறியது என்று அடுக்கித்தான் ஆகவேண்டும் என்றால், ஒவ்வொரு துண்டுக்கும் கையால் கலர் கொடுக்கவேண்டும். ஒரு முறை க்ளிக் செய்தால் வட்டம் முழுதும் தேர்வாகும். அதே துண்டில் இன்னொரு க்ளிக் செய்தால் அது மட்டும் தேர்வாகும். ரைட் க்ளிக், Format Data Point, Fill, Solid fill, More Colors. அங்கே Hex கட்டம் இருந்தால் குறியீட்டை ஒட்டலாம். இல்லையென்றால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று எண்கள். டெங்குவுக்கு 0, 114, 178.

இப்படி எண்ணாகக் கொடுப்பதில் இன்னொரு லாபம் உண்டு. எக்செல்லிலிருந்து பவர்பாயிண்ட்டுக்கு சார்ட்டைக் காப்பி செய்து ஒட்டும்போது, வழக்கமாக அது அந்த ஸ்லைடின் தீம் கலருக்கு மாறிவிடும். ஒன்றைப் படமாகவும் ஒன்றை சார்ட்டாகவும் ஒட்டியிருந்தால், எக்செல்லில் ஒற்றுமையாக இருந்த இரண்டும் ஸ்லைடில் பிரிந்துவிடும். எண்ணாகக் கொடுத்த கலரைத் தீம் தொடாது.

ஆய்வுக்கட்டுரை எழுதும் பிஜி தம்பி தங்கைகளில் சிலர் ஆர் மென்பொருள் பயன்படுத்துவீர்கள். உங்களுக்கு இன்னும் சுலபம். கலரைப் பெயரோடு கட்டிவிடலாம்:

```
niram <- c("Dengue" = "#0072B2",
           "Scrub typhus" = "#D55E00",
           "Typhoid" = "#009E73",
           "Leptospirosis" = "#CC79A7",
           "Malaria" = "#E69F00")
p + scale_fill_manual(values = niram)
```

`p` என்பது நீங்கள் ஏற்கனவே போட்ட படம். எல்லாப் படத்துக்கும் இதே கடைசி வரி. பெயர் கொடுத்திருப்பதால் மலேரியா ஒரு படத்தில் இல்லாமல் போனாலும் மற்றவற்றின் கலர் நகராது. பெயர் இல்லாமல் வெறும் கலர் குறியீடுகளை மட்டும் அடுக்கினால் பழையபடி வரிசைக் கணக்குதான். ஸ்பெல்லிங் மட்டும் கவனம். தரவில் "Scrub Typhus" என்று பெரிய T இருந்தால் அது பொருந்தாமல், தனியாகச் சாம்பல் நிறத்தில் நிற்கும்.

இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, விதியின் மறுபக்கம். வேறு பொருளுக்கு அதே கலர் வரக்கூடாது. மூன்றாவது படம் ஆண், பெண் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு அதே டெங்கு நீலத்தைக் கொடுத்தால் கண் மறுபடி ஏமாறும். அங்கே அடர்த்தி குறைந்த, கூடிய இரண்டு பழுப்பு போதும். டெங்குவை மட்டும் வயதுவாரியாகக் காட்டினால், நீலத்திலேயே வெளிறியது முதல் அடர்ந்தது வரை.

இரண்டு, 'மற்றவை'. இதற்கு எப்போதும் சாம்பல். ஆனால் ஒரு படத்தில் 'மற்றவை' என்பது மலேரியாவும் எலிக்காய்ச்சலும் சேர்ந்தது, இன்னொரு படத்தில் மலேரியா மட்டும் என்றால், அதே சாம்பல் பொய் சொல்கிறது. கலர் ஒன்று என்றால் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்கவேண்டும். அப்படி வைக்க முடியாவிட்டால் பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அனுப்பும் முன் நான் செய்யும் பரிசோதனை ஒரு நிமிடம்தான். எல்லாப் படங்களையும் ஒரே தாளில் சின்னதாக அச்செடுப்பேன். முதல் படத்தின் குறிப்பை மட்டும் விட்டுவிட்டு மற்றக் குறிப்புகளைக் கையால் மறைப்பேன். அறிக்கையைப் பார்க்காத ஒருவரிடம் நீட்டி, "இதுல ஸ்க்ரப் எங்க எங்க இருக்கு, விரல் வச்சுக் காட்டுங்க" என்பேன். விரல் ஒரு படத்தில் தவறான துண்டுக்குப் போனாலும் அறிக்கை திரும்பி வரும்.

பெரும்பாலும் அந்தத் தாளை நான் நீட்டுவது அதே ஐசியூ சிஸ்டரிடம்தான். போன மாதம் விரல் வைத்துக் காட்டிவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரியாத்தான் இருக்கு சார். ஆனா ஜெராக்ஸ் எடுத்தா பச்சையும் நீலமும் ஒண்ணாத்தான் தெரியும்."

உண்மைதான். இப்போது துண்டுகளின் மேலேயே நோயின் பெயரையும் எழுதிவிடுகிறேன்.