‘பதினெட்டு வரும்மா’: ஓர் அழைப்பைச் சுருக்கி எழுதுவது பற்றி

வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் தொலைபேசியில் சொல்லும் சொல், பெரும்பாலும் எந்தத் தாளிலும் ஏறுவதில்லை. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஹெப்பகோடிக்கு வரும் பெண்ணொருத்தியின் கையில் இருப்பது பேருந்துச் சீட்டும், கைப்பேசியில் தானாகப் பதிவான நான்கு நிமிட உரையாடலும் மட்டுமே. ஓசூர்ச் சாலையில், பொம்மசந்திரத் தொழிற்பேட்டையை ஒட்டிய இந்த ஊரின் ஒற்றையறை வீடுகளில் இத்தகைய பதிவுகள் எத்தனையோ உறங்குகின்றன. சம்பளத்தில் தகராறு எழும்போது அவற்றுள் ஒன்றை ஒருவர் கேட்டு, “என்ன வாக்குக் கொடுத்தார்கள்?” என்று ஒரு பக்கத்தில் எழுத வேண்டி வருகிறது. அந்த ஒரு பக்கம் எங்கே பிழைபடுகிறது என்பதே இங்கே பேசுபொருள்.

கீழே வருவது இத்தகைய பேச்சின் இயல்பைக் காட்ட அமைத்த மாதிரி. எவருடைய அழைப்பும் அன்று.

“அண்ணா, சம்பளம் எவ்வளவுண்ணா?”
“பதினெட்டு வரும்மா.”
“கையிலயாண்ணா?”
“ஓ.டி. எல்லாம் சேத்தா தாராளமா வரும்.”
“ஓ.டி. இல்லாம?”
“பதிமூணு கிட்ட இருக்கும். அது கம்பெனி போடுறது.”
“ரூமுண்ணா?”
“ரூமு நம்ம பாத்துக்கலாம்.”
“வாடகை பிடிப்பாங்களா?”
“முதல் மாசம் பிடிக்க மாட்டாங்க.”
“டூட்டி எட்டு மணி நேரம்தானே?”
“ஆமாமா, அப்படித்தான் இருக்கும்.”
“உங்களுக்கு எதுவும் தரணுமாண்ணா?”
“எனக்கு ஒண்ணும் வேணாம்மா. மெடிக்கல், யூனிபார்முக்கு மூவாயிரம் மட்டும். அது திரும்பக் கிடைச்சிடும்.”

அவசரமாக எழுதப்படும் சுருக்கம் இப்படி அமையும்: “மாதச் சம்பளம் ரூ.18,000. எட்டு மணி நேர வேலை. தங்குமிடம் இலவசம். முகவர் ரூ.3,000 பெற்றார்; திருப்பித் தருவதாக உறுதியளித்தார்.” படிப்பவருக்கு இதில் குறையேதும் தென்படாது. ஆனால் இதன் நான்கு கூற்றுகளில் ஒன்றுகூட முகவர் சொன்னதன்று.

‘வரும்’ என்னும் வினையை முதலில் பார்க்கலாம். தமிழில் அஃறிணை எழுவாயோடு வரும் ‘-உம்’ வடிவம் மூன்று வேலைகளைச் செய்கிறது. ‘நாளை பார்சல் வரும்’ என்பதில் எதிர்காலம். ‘இந்தக் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் வரும்’ என்பதில் வழக்கம். ‘மழை வரும் போலிருக்கிறது’ என்பதில் ஊகம். ‘பதினெட்டு வரும்’ என்ற தொடரை இந்த மூன்றில் எதுவாகவும் கொள்ளலாம். அதைவிட முக்கியமானது, அத்தொடரில் கொடுப்பவர் இல்லை. ‘தருகிறேன்’ என்றால் தன்மை; ‘தருவார்கள்’ என்றால் படர்க்கை. ‘வரும்’ என்றாலோ பணம் தானே நடந்து வருகிறது. சுருக்குபவர் அதை “18,000 தருவதாகச் சொன்னார்” என்று மாற்றும்போது, பேச்சில் இல்லாத ஒரு கொடையாளியைத் தம் கையால் அங்கே நிறுத்திவிடுகிறார்.

அடுத்தது ‘நம்ம பாத்துக்கலாம்’. கேட்பவரையும் உட்படுத்தும் ‘நாம்’, அவரை விலக்கும் ‘நாங்கள்’ என்ற வேறுபாடு தமிழுக்கு உண்டு. “நாங்க பாத்துக்கறோம்” என்று முகவர் சொல்லியிருந்தால் பொறுப்பு அவர் தரப்பினது. “நம்ம பாத்துக்கலாம்” என்னும்போது அறை தேடும் கூட்டத்தில் அந்தப் பெண்ணும் சேர்ந்துவிடுகிறாள். ‘-லாம்’ அதை ஒரு யோசனையாக்கி நிறுத்துகிறது. அங்கே இலவசமும் இல்லை, ஏற்பாடும் இல்லை. பரிவான அந்த ‘நம்ம’வைக் கேட்ட காதுதான் இலவசம் என்று எழுதுகிறது.

‘முதல் மாசம் பிடிக்க மாட்டாங்க’ என்பது உண்மையான உறுதிமொழி. ஆனால் ஒரு மாதத்துக்கு மட்டும். இரண்டாம் மாதம் பிடிப்பார்கள் என்பது கேட்பவர் உய்த்துணர்வது, சொல்லப்பட்டதன்று. ஆகவே “வாடகை இல்லை” என்று எழுதுவதும் பிழை, “இரண்டாம் மாதம் முதல் வாடகை உண்டு என்றார்” என்று எழுதுவதும் பிழை. ‘மாட்டாங்க’ என்பதன் எழுவாய் யார் என்பதும் பேச்சில் இல்லை. நிறுவனமா, ஒப்பந்தக்காரரா, வீட்டுக்காரரா? தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுத வேண்டும்.

‘கையிலயா?’ என்ற கேள்வியே இந்த அழைப்பின் மையம். ஹெப்பகோடிக்கு அது வெறும் சொல்லன்று. 2016 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், பெங்களூரில் சாலைக்கு வந்தனர். வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாதபடி கொண்டுவந்த விதியே காரணம். கலவரத்தில் ஹெப்பகோடி காவல் நிலையம் தாக்கப்பட்டது, வாகனங்கள் எரிந்தன. மத்திய அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. பிடித்தத்துக்கும் கைக்கு வருவதற்கும் இடையிலான தூரத்தை இங்குள்ளவர்கள் மாதந்தோறும் அளக்கிறார்கள் என்பதற்கு அந்த நாள்களே சான்று.

அந்தத் தூரத்தை இந்த அழைப்பில் கணக்கிட்டுப் பார்க்கலாம். அடிப்படை 13,000 என்றும், மாதத்துக்கு 26 நாள், நாளுக்கு 8 மணி என்றும் கொண்டால், ஒரு மணிக்கு ரூ.62.50. மிகைநேரத்துக்கு இருமடங்கு என்னும் சட்டக் கணக்கின்படி ரூ.125. பிடித்தத்துக்கு முந்தைய தொகையே பதினெட்டு என்றால், மீதி 5,000 ரூபாய்க்கு மாதம் 40 மணி நேர ஓ.டி. போதும்.

கையில் பதினெட்டு என்றால் கணக்கு மாறுகிறது. 13,000 முழுவதற்கும் வைப்பு நிதி 12 விழுக்காடு, அதாவது ரூ.1,560, ஈ.எஸ்.ஐ. 0.75 விழுக்காடு, ரூ.98. கைக்கு வருவது ரூ.11,342. பதினெட்டை எட்ட 6,658 ரூபாய் வேண்டும். மிகைநேரக் கூலியில் பிடித்தமே இல்லை என்று கொண்டாலும், ஏறத்தாழ 53 மணி நேரம். மூன்று மாதத்துக்கு 159 மணி. கர்நாடகம் 2023இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி மூன்று மாத மிகைநேர வரம்பை உயர்த்தியது. உயர்த்திய அந்த வரம்பே 144 மணிதான். ஆக, ஒரு பொருளில் முகவரின் சொல் கடினமானது, ஆனால் வரம்புக்குள் அடங்குவது. மற்றொரு பொருளில் அந்த வரம்பை மீறாமல் நிறைவேற முடியாதது. இரண்டையும் பிரிப்பது அவள் கேட்டு, அவர் பதில் சொல்லாமல் கடந்த ‘கையிலயா?’ என்ற ஒற்றைச் சொல். அவசரச் சுருக்கத்தில் முதலில் காணாமற்போவதும் அதுவே. ஏனெனில் சுருக்கங்கள் பதில்களைத்தான் தொகுக்கின்றன. பதில் பெறாத கேள்விகளைத் தொகுப்பதில்லை.

எவற்றையெல்லாம் குறிக்க வேண்டும் என்பதற்குப் பழைய சட்டமொன்று நல்ல வரிசை தருகிறது. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் படம் ஒட்டிய கையேடு தர வேண்டும் என்றது. வேலையிடம், வேலைக்காலம், கூலி விகிதமும் அதைத் தரும் முறையும், ஊர்திரும்பும் செலவு, பிடித்தங்கள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். அந்தச் சட்டம் 2020ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்பில் கரைந்து, தொகுப்பு 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆயினும் அந்தத் தலைப்புகள் இன்றும் பயன்படும். அவற்றின் கீழ் இந்த அழைப்பை வைத்தால் பக்கம் இவ்வாறு அமையும்:

கூலி: “பதினெட்டு வரும்மா” (0:41). கொடுப்பவர் குறிப்பிடப்படவில்லை. கைத்தொகையா என்று கேட்கப்பட்டது, நேர்ப்பதில் இல்லை. ஓ.டி. சேர்ந்தால் என்ற நிபந்தனை சொல்லப்பட்டது (0:47). ஓ.டி. இன்றி “பதிமூணு கிட்ட” (0:55).
நேரம்: எட்டு மணி என்று சொன்னவர் தொழிலாளி, முகவர் “ஆமாமா, அப்படித்தான் இருக்கும்” (1:38).
தங்குமிடம்: “நம்ம பாத்துக்கலாம்” (1:10). வாடகை முதல் மாதம் பிடிக்கப்படாது (1:16). பிறகு பற்றிப் பேச்சில்லை.
செலுத்தக் கேட்ட தொகை: ரூ.3,000, மருத்துவச் சோதனைக்கும் சீருடைக்கும் (2:05). “திரும்பக் கிடைச்சிடும்” (2:09); யார், எப்போது தருவார் என்பது இல்லை. கொடுக்கப்பட்டதா என்பது இந்த அழைப்பில் தெரியவில்லை.
பேசப்படாதவை: வேலையிடத்தின் பெயர், வேலைக்காலம், ஊர்திரும்பும் செலவு.

கடைசி வரி முக்கியமானது. தலைப்பு வரிசை இல்லாமல் கேட்கும் காது, பேசப்படாததைக் கேட்பதில்லை.

இதற்குக் கீழே கோடிட்டு, அந்தப் பெண் புரிந்துகொண்டதைத் தனியே எழுதலாம்: “கையில் 18,000, அறை இலவசம் என்று நம்பி வந்தேன்.” அதுவும் உண்மை, அவளுடைய உண்மை. அதை முகவரின் வாயில் வைக்கும்போதுதான் தீங்கு நேர்கிறது. விசாரணையில் பதிவு ஒலிக்கும்; “இலவசம் என்று நான் எங்கே சொன்னேன்?” என்று முகவர் கேட்பார், அந்த இடத்தில் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். இலவசம் என்ற ஒரு சொல் பொய்த்தால் பக்கம் முழுவதும் ஐயத்துக்குள்ளாகும்; மறுக்க இயலாத ‘முதல் மாசம் பிடிக்க மாட்டாங்க’ என்பதும் அதோடு போகும். தொழிலாளியின் மீதுள்ள பரிவினால் வலுவூட்டி எழுதப்பட்ட சுருக்கம், தொழிலாளியையே வீழ்த்தும்.

சுருக்கம் சான்றன்று; பதிவே சான்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, மின்பதிவோடு அதன் ஹாஷ் மதிப்பைக் குறிக்கும் சான்றிதழையும் கேட்கிறது. ஒரு நொடியை வெட்டினாலும் அம்மதிப்பு மாறிவிடும். ஆகவே எழுதத் தொடங்குமுன் மூலக்கோப்பைத் தொடாமல் ஒரு நகலெடுத்து, மூலத்தின் மதிப்பைக் குறித்துக்கொள்வது நல்லது:

```
sha256sum call.m4a
```

பிறகு நகலைக் கேட்டு, எழுதி, அந்தப் பெண்ணுக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். ‘வரும்’ என்றுதான் சொன்னாரா, ‘தரேன்’ என்றாரா என்று அவளிடம் கேட்டு, ஐயமிருந்தால் அந்த நொடியை மீண்டும் ஒலிக்கவிட வேண்டும். அவள் பெரும்பாலும் சற்று நேரம் பேசாமல் இருப்பாள். தனக்குத் தரப்பட்டதாக நினைத்தது எவ்வளவு, உண்மையில் தரப்பட்டது எவ்வளவு என்பதை அப்போதுதான் முதன்முறையாகப் பிரித்துக் கேட்கிறாள். மிஞ்சுவது சிறிது: ஒரு மாத வாடகை, திரும்பக் கிடைக்குமென்ற மூவாயிரம், ஓ.டி. இன்றி பதின்மூன்றாயிரத்தை ஒட்டிய கூலி. ஆனால் அந்தச் சிறிதை எவரும் மறுக்க முடியாது.