42 வேண்டாம், 44 இல்லை

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு மூன்று சொற்கள் நினைவிருக்கும். 'எஷாஞ்ஜ்' என்றால் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு வேறு பொருளை வாங்கிக்கொள்வது. 'அவ்வார்' என்றால் கடைக்காரர் எழுதிக் கொடுக்கும் வரவுச் சீட்டு. அதைக் கொண்டு அதே கடையில்தான் வேறு ஏதாவது வாங்க முடியும். 'ராம்பூர்ஸ்மான்' என்றால் கொடுத்த பணம் கைக்குத் திரும்பி வருவது. நம் ஊரில் மூன்றையும் சேர்த்து 'மாத்திக்கிறது' என்று சொல்லிவிடுகிறோம். கைப்பேசியில் துணி வாங்கும்போது மூன்றும் தனித்தனி என்று தெரிந்திருந்தால் நல்லது.

போன தீபாவளிக்கு என் மச்சானுக்கும் எனக்கும் ஒரே ஆர்டரில் இரண்டு சட்டைகள் வாங்கினேன். மச்சானுக்கு வாங்கியது 1,200 ரூபாய், எனக்கு 800 ரூபாய். கூப்பன் தள்ளுபடி 200 போக 1,800 ரூபாயை, பொருள் வந்தபோது ரொக்கமாகக் கொடுத்தேன். 4-ஆம் தேதி வந்தது. மச்சான் எப்போதும் போடும் 42-தான், ஆனாலும் வயிற்றருகே பொத்தான் இழுத்தது.

இதில் வியப்பில்லை. 42 என்பது எல்லா இடத்திலும் ஒரே அளவு அல்ல. சில நிறுவனங்களுக்கு அது மார்புச் சுற்று அங்குலத்தில். வேறு சிலவற்றுக்குக் கழுத்துப்பட்டி சென்டிமீட்டரில். போதாக்குறைக்கு 'ஸ்லிம் பிட்' என்று உடம்போடு ஒட்டித் தைப்பதும் உண்டு.

திருப்பிக் கொடுக்க 11-ஆம் தேதி வரை அவகாசம் என்று ஆர்டர் பக்கத்தில் போட்டிருந்தது. 5-ஆம் தேதியே 'எக்ஸ்சேஞ்ச்' போட்டு 44 கேட்டேன். இருக்கிறது என்று காட்டி ஏற்றுக்கொண்டார்கள். 9-ஆம் தேதி காலையில் ஒரு செய்தி: நீங்கள் கேட்ட அளவு கையிருப்பில் இல்லை, எக்ஸ்சேஞ்ச் ரத்து செய்யப்பட்டது. அவ்வளவுதான். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அழைத்துக் கேட்டேன். எடுத்த பெண் பொறுமையாகப் பேசினாள்.

"சார், எக்ஸ்சேஞ்ச் கேன்சல் ஆயிடுச்சு. பணம் வேணும்னா நீங்க தனியா ரிட்டர்ன் போடணும்."

"அது தானா வராதாம்மா?"

"சட்டை உங்ககிட்டதானே சார் இருக்கு?"

அந்தப் பதிலில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மாற்றிக் கொடுப்பதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, புதுச் சட்டையைக் கொண்டுவரும் பையனே வாசலில் பழையதை வாங்கிக்கொண்டு போவது. இன்னொன்று, முதலில் பழையதை எடுத்துப்போய்ச் சரிபார்த்து, பிறகு புதியதை அனுப்புவது. கையிருப்பு தீர்ந்துபோனால், முதல் முறையில் பழைய சட்டை நம் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. அவர்கள் கணக்கில் நாம் அதை வைத்துக்கொண்டோம் என்றே பொருள். எனவே 'ரிட்டர்ன்' என்ற புது விண்ணப்பத்தை நாம்தான் போட வேண்டும். இரண்டாம் முறையில் சட்டை அவர்களிடம் போய்விட்டதால் பணம் தானாக வர வேண்டும். வராவிட்டால், பையன் எடுத்துப்போனபோது வந்த குறுஞ்செய்திதான் நம் ரசீது, அதை அழித்துவிடாதீர்கள்.

ஆகவே ரத்து என்று செய்தி வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'சட்டை இப்போது யாரிடம்?' என்பதே. நம்மிடம் என்றால் அடுத்து தேதியைப் பார்க்க வேண்டும். மாற்றக் கேட்டுக் காத்திருந்த நாட்களைச் சில நிறுவனங்கள் அவகாசத்தில் கழிப்பதில்லை. எனக்கு 11-ஆம் தேதி என்றது அப்படியேதான் இருந்தது. 9-ஆம் தேதியே ரிட்டர்ன் போட்டேன். கெடுவுக்குள் விண்ணப்பம் பதிவாகிவிட்டால் போதும்; ஆள் வந்து எடுப்பது ஓரிரு நாள் தள்ளிப்போனாலும் பாதகமில்லை. அதுவரை அட்டை, பை, காலருக்குள் வைத்த பிளாஸ்டிக் எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும். வாசலில் அட்டையிலுள்ள எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறார்கள்.

'இருக்கிறது' என்று காட்டியது எப்படி இல்லாமல் போனது? எக்ஸ்சேஞ்ச் பெரும்பாலும் முதலில் விற்ற அதே வியாபாரியின் கிடங்கிலிருந்துதான் வரும். பெரிய அளவுகளில் அவர் சில உருப்படிகளே வைத்திருப்பார். பண்டிகை நேரத்தில் அது வேறொருவருக்குப் போயிருக்கலாம், எடுக்கப் போகும்போது கறைபட்டிருக்கலாம். அதே சட்டை 44-இல் இன்னொரு வியாபாரியிடம் இருந்தாலும் இந்த எக்ஸ்சேஞ்சுக்கு அது உதவாது.

இதனால் ஒரு நஷ்டமும் உண்டு. எக்ஸ்சேஞ்ச் என்றால் நாம் வாங்கிய பழைய விலையிலேயே வேறு அளவு கிடைக்கும். பணமாக வாங்கிக்கொண்டு மறுபடி வாங்கினால் அன்றைய விலை கொடுக்க வேண்டும். இன்னொரு வியாபாரி அந்தச் சட்டைக்கு 1,450 சொன்னார்.

இனி எவ்வளவு வரும் என்ற கணக்கு. 1,200 வரும் என்று மச்சான் எதிர்பார்த்தார். 200 ரூபாய் கூப்பன் இரண்டு சட்டைக்கும் விலைக்கேற்றபடி பிரிந்திருக்கிறது. 2,000-இல் 1,200 என்பது ஐந்தில் மூன்று பங்கு. தள்ளுபடியிலும் 120 ரூபாய் அந்தச் சட்டையைச் சேர்ந்தது. ஆக வர வேண்டியது 1,080. அதுதான் வந்தது.

ரொக்கம் கொடுத்து வாங்கியதால் எந்த வழியில் பணம் வேண்டும் என்று கேட்டார்கள். முதலில் காட்டியது நிறுவனத்தின் சொந்த 'வாலட்'. உடனே வரும் என்று ஆசை காட்டும், ஆனால் அது நம் பழைய 'அவ்வார்'தான். வங்கிக் கணக்கைத் தேர்ந்தெடுத்து, கணக்கு எண்ணும் ஐ.எப்.எஸ்.சி. எண்ணும் கொடுத்தேன். 11-ஆம் தேதி சட்டையை எடுத்துப்போனார்கள். 16-ஆம் தேதி பணம் ஏறியது. அனுப்பியாயிற்று என்று சொல்லியும் கணக்கில் காணவில்லை என்றால் யூ.டி.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கி வங்கியில் காட்டலாம். பணம் பெறுவதற்கு ஓ.டி.பி.யோ ரகசிய எண்ணோ யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கேட்கிறவன் திருடன்.

சட்டம் எதுவரை துணைக்கு வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அளவு சேரவில்லை என்பது மட்டும் சட்டத்தின் கண்ணில் குறைபாடு அல்ல. அங்கே விற்பவர் எழுதிவைத்த விதிதான் செல்லும். ஆனால் அளவுப் பட்டியலில் மார்பு 46 அங்குலம் என்று போட்டுவிட்டு, டேப் வைத்தால் 44 இருக்கிறது என்றால் அது வேறு வழக்கு. விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. டேப் தெரியும்படி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினால் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பாரிசில் இருக்கும் என் தங்கை மகளிடம் இதைச் சொன்னேன். இணையத்தில் வாங்கிய துணியைக் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் வேண்டாமென்று சொல்லும் உரிமை அங்கே சட்டத்திலேயே இருக்கிறது. "நாங்க எக்ஸ்சேஞ்ச் கேக்கறதே இல்ல மாமா. திருப்பி அனுப்பிட்டு வேற வாங்கிடுவோம்" என்றாள். நமக்கு இங்கே அந்த உரிமை இல்லாதவரை, ஆர்டர் பக்கத்திலிருக்கும் கடைசித் தேதியை நாட்காட்டியில் வட்டம் போட்டு வைப்பதுதான் வழி.