தவறான இடத்தில் சொன்ன ஆம்

லண்டனில் பதினொரு ஆண்டுகளாக வாடகைக் கார் ஓட்டுகிறேன். பயணிகளோடு ஆங்கிலத்தில் பேசுவதில் எனக்கு இடர்ப்பாடு இருந்ததில்லை. பாதை, கட்டணம், காலநிலை ஆகிய மூன்றுக்கும் போதிய சொற்கள் என்னிடம் உண்டு. ஆனால் நடந்த ஒன்றை நடந்தபடியே இன்னொருவருக்கு எடுத்துரைக்க அச்சொற்கள் போதாவென்பதை ஒரு சிறு விபத்தின் பின்னரே உணர்ந்தேன்.

ஒரு மழைநாள் மாலை. தென் லண்டனின் கிரிஸ்டல் பலஸ் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். பின்னிருக்கையில் ஒரு முதிய பெண்மணி அமர்ந்திருந்தார். மேட்டின் மேலே ஒரு சிறிய சுற்றுவட்டம் வந்தது. வலப்புறமிருந்து வரும் வாகனங்களுக்கு வழிவிடுவது இந்நாட்டு வழமை. ஆகவே சாலையில் வரையப்பட்டிருந்த வெள்ளைக்கோட்டை எட்டுமுன் காரை நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி காத்திருந்தேன். பின்னால் வந்த ஒரு வான் எங்கள்மீது மோதியது. கார் ஓரடிக்கு மேல் முன்னே தள்ளப்பட்டது. எவருக்கும் காயமில்லை. பின்புறத் தடுப்பு மட்டும் நெளிந்திருந்தது.

நான் இறங்கியதும் வான்காரரைப் பார்த்து முதலில் சொன்ன சொல் "சொறி". நம்மவர் பலருக்கு அது பழக்கம். எவர் பிழையென்று எண்ணுமுன்னரே வாய் அதைச் சொல்லிவிடுகிறது. பின்னர் இருவரும் பெயர், முகவரி, காப்புறுதி விவரங்களைப் பரிமாறிக்கொண்டோம். வாகனங்களை நகர்த்துமுன் இரண்டு படங்களும் எடுத்தேன். பயணியும் தம் தொலைபேசி எண்ணைத் தந்துவிட்டுச் சென்றார்.

மறுநாள் என் காப்புறுதி நிறுவனத்தை அழைத்தேன். பேசிய பெண் பண்பானவர், அவசரப்படுத்தவில்லை. என்ன நடந்ததென்று கேட்டார். "ஐ வெயிட்டிங், பேக் ஹிட்" என்றேன். என் மனத்தில் இருந்தது "பின்னால் இடித்துவிட்டது" என்ற தமிழ் வாக்கியம். இடித்தது எதுவென்று அதில் சொல்லவில்லை. இடம் அறிந்து கேட்பவர் அதை விளங்கிக்கொள்வார். ஆங்கிலத்தில் அப்படி விட இயலாது. மேலும் "பேக்" என்ற சொல் பின்புறத்தையும் குறிக்கும், பின்னோக்கிச் செல்வதையும் குறிக்கும். நான் பின்னே சென்று இடித்தேனோ என்ற ஐயம் அவருக்கு எழுந்திருக்க வேண்டும். அதைத் தெளிவுபடுத்தவே அடுத்த வினாவைக் கேட்டார்: "யூ டிடின்ட் ரோல் பேக், டிட் யூ?"

"யெஸ், யெஸ்" என்றேன்.

அன்பானவர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். "நீங்கள் பின்னே உருளவில்லைதானே?" என்று ஒருவர் தமிழில் கேட்டால் நாம் "ஓம்" என்போம். நீங்கள் சொல்வது சரி, உருளவில்லை என்பது அதன் பொருள். நம்முடைய ஆம் கேட்பவரின் கூற்றை ஆமோதிக்கிறது. ஆங்கிலத்தின் "யெஸ்" அப்படியன்று. அது நிகழ்ச்சியை ஆமோதிக்கிறது: ஆம், உருண்டேன். நான் சொல்ல வேண்டியிருந்த சொல் "நோ". ஆனால் அவருடைய கருத்தை மறுப்பதுபோல் தோன்றியதால் அச்சொல் என் நாவில் வரவேயில்லை.

பத்து நாள்களின் பின் ஒரு கடிதம் வந்தது. மேட்டில் என் கார் பின்னே உருண்டு தம்மீது மோதியதாக வான்காரர் கூறியிருந்தார். என் அழைப்பின் குறிப்பும் அதையே சொல்வதாக என் நிறுவனம் எழுதியிருந்தது. நான் மன்னிப்புக் கேட்டதும் அக்குறிப்பில் இருந்தது. ஆகவே பொறுப்பை ஆளுக்குப் பாதியாக ஏற்றுக்கொள்ளலாம் என்பது யோசனை. பாதிதானே என்று தோன்றலாம். ஆனால் பாதிப் பொறுப்பும் என் பெயரில் ஒரு விபத்தாகவே பதிவாகும். திருத்தச் செலவில் என் பங்காக முதலில் கட்டவேண்டிய ஐந்நூறு பவுண் முழுமையாகத் திரும்பாது. வாடகைக் காருக்கு ஏற்கெனவே உயர்ந்திருக்கும் கட்டணம் அடுத்த ஆண்டு மேலும் உயரும்.

கடிதத்தை வாசித்த என் மகள், "அப்பா, அவர் எப்பிடிக் கேட்டவர்? கேட்ட சொல்லை அப்பிடியே சொல்லுங்கோ" என்றாள். நினைவிலிருந்ததைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "நீங்கள் பிழையை ஒத்துக்கொண்ட மாதிரியெல்லோ சொல்லியிருக்கிறியள்" என்றாள்.

அன்றே எழுத்தில் இரண்டு கோரிக்கைகளை அனுப்பினோம். முதலாவது, என் அழைப்பின் ஒலிப்பதிவு. ஒருவரைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் பதிவின் பிரதியை அவர் கேட்டால், பொதுவாக ஒரு மாதத்துக்குள் கொடுக்கவேண்டும் என்று இந்நாட்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. இரண்டாவது, தமிழ் மொழிபெயர்ப்பாளரின் துணையோடு மீண்டும் வாக்குமூலம் தரும் வாய்ப்பு. அதைக் கேட்டவுடன் ஒழுங்குசெய்தார்கள். முதல் நாளே நான் கேட்டிருக்கலாம்.

புதிய வாக்குமூலத்தில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயல் மட்டும் வைத்தோம். என் கார் அசையாமல் நின்றது. என் கால் பிரேக்கில் இருந்தது. வான் என் காரின் பின்புறத்தில் மோதியது. என் கார் முன்னே தள்ளப்பட்டது. ஒவ்வொன்றிலும் செய்தவர் யார், அல்லது செய்தது எது என்பது தெளிவாக இருந்தது. "நிறுத்தினேன்" என்பதையும் "நின்றுகொண்டிருந்தேன்" என்பதையும் வேறுபடுத்தினோம். முன்னதை மட்டும் சொன்னால், திடீரென்று நிறுத்தியதால் வான் மோதியது என்றும் கொள்ள இடமுண்டு.

படத்தில் என் காரின் முன்சக்கரங்கள் வெள்ளைக்கோட்டைத் தாண்டியிருந்தன. பின்னே உருண்டிருந்தால் அவை கோட்டுக்குக் கீழே, மேலும் தள்ளி நின்றிருக்க வேண்டும். ஆயினும் கோட்டைத் தாண்டிச் சென்று பின்னர் உருண்டார் என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். படம் மட்டும் அதற்கு விடையாகாது. மோதலுக்கு முன் கார் சிறிது நேரம் அசையாமல் நின்றதென்று அந்தப் பெண்மணி எழுதித் தந்த நான்கு வரிகளே அந்த இடைவெளியை அடைத்தன.

மன்னிப்புக் கேட்டதைப் பற்றியும் மகள் ஒரு வரி சேர்த்தாள். இங்கிலாந்தில் நடைமுறையிலுள்ள 2006ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டப்படி, மன்னிப்புக் கேட்பது தன்னளவில் கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகாது.

ஒலிப்பதிவை நிறுவனத்தின் மேலாளர் ஒருவர் மீண்டும் கேட்டார். "யெஸ், யெஸ்" என்றபின் நான் "ஐ ஸ்டாண்டிங் ஒன்லி" என்று முணுமுணுத்திருந்தேனாம். அது எனக்கே நினைவில்லை. முதற்குறிப்பில் ஒருவரும் அதை எழுதவுமில்லை. ஏழு வாரங்களின் பின் வான்காரரின் நிறுவனம் முழுப் பொறுப்பையும் ஏற்றது. ஐந்நூறு பவுணும் திரும்பி வந்தது.

அந்தப் பெண்மீது எனக்குக் கோபமில்லை. தாம் கேட்டதையே அவர் எழுதினார். நானும் பொய் சொல்லவில்லை. இருவரும் நேர்மையாக இருந்தும் தாளில் பொய்யொன்று ஏறிவிட்டது. இப்போது "இல்லைதானே" என்ற தொனியில் எவரேனும் ஆங்கிலத்தில் வினவினால் ஆம், இல்லை இரண்டையும் விட்டுவிட்டு முழு வாக்கியமாக விடை சொல்கிறேன்: "மை கார் வாஸ் நொட் மூவிங்." அந்த வாக்கியத்தை மகள் ஒரு துண்டுத்தாளில் எழுதித் தந்தாள். காப்புறுதிப் பத்திரத்தோடு அது என் காரில் இருக்கிறது.