ஓடாவியாரிடம் லீவு கேட்பது



போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அஸருக்குப் பின் எமது பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். ஓ.எல். எழுதிவிட்டு, ஒன்றரை வருடமாக ஓட்டமாவடிப் பக்கம் ஓர் ஓடாவியாரிடம் மரவேலை பழகுகிறான். கையில் ஒரு கடதாசி. "சேர், இதைக் கொஞ்சம் திருத்தித் தாங்க" என்றான்.

வாங்கிப் பார்த்தால் லீவு விண்ணப்பம். "கனம் ஐயா" என்று தொடங்கி, "தவிர்க்க முடியாத காரணத்தினால்" என்று போய், "தங்கள் உண்மையுள்ள" என்று முடிந்திருந்தது. வகுப்பில் நாம் படிப்பித்த அதே கடிதம், ஒரு பிழை இல்லை. ஆனால் அதை ஓடாவியார் கையில் கொடுத்தால் மனிதர் பொலிஸிலிருந்து வந்ததென்று பயந்துவிடுவார். நைட்டாவில் பதிந்து பழகும் பிள்ளைகளுக்கு ஒப்பந்தம், வரவுப் பதிவு எல்லாம் உண்டு. வாய்ச்சொல்லில் சேர்ந்த இவனுக்கு லீவும் வாய்ச்சொல்தான்.

பையன் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அவனுக்கு முன்பு பழகியவன் லீவு கேட்கவே இல்லை. காய்ச்சல் என்று ஒரு வொய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டு நாலு நாள் நின்றான். அதே கிழமை பாசிக்குடாவில் குளித்துக்கொண்டிருந்ததை ஓடாவியாரின் மச்சான் கண்டுவிட்டார். ஐந்தாம் நாள் வந்தபோது அவனுடைய இடத்தில் வேறொரு பையன் மரம் பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டு வருடம் பழகிய தொழில் அதோடு நின்றது.

இவனுடைய காரணம் உண்மையானது. வாப்பாவுக்குக் கண்ணில் வெண்புரை. ஒப்பரேசனுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் வந்து நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். கூட நிற்க வேறு ஆண் பிள்ளை இல்லை.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "பட்டறையில் இப்ப என்ன வேலை நடக்குது?" என்று கேட்டோம். இரண்டு தேக்குக் கதவு. பொருத்தி முடிந்துவிட்டது. தேய்ப்பதும் முதல் சீலர் அடிப்பதும் இவன் பொறுப்பு. அதற்கு மேல் வார்னிஷ் ஓடாவியாரின் கை. அடுத்த சனிக்கிழமை வீட்டுக்காரர் கதவு எடுக்க வருகிறார்.

இதில்தான் விசயம் இருக்கிறது. 120 தாளால் தேய்த்து, பிறகு 220 தாள் போட்ட மரத்தைச் சீலர் இல்லாமல் நாலு நாள் விட்டால், எங்கள் களப்புக் காற்றின் ஈரத்தில் நார் எழும்பிவிடும். கையால் தடவினாலே சொரசொரக்கும். தொட்ட இடமெல்லாம் வியர்வைக் கறை. ஓடாவியார் திரும்ப முதலிலிருந்து தேய்க்க வேண்டும். ஆகவே அவர் மனதில் முதலில் வரும் கேள்வி "ஏன் லீவு" அல்ல, "கதவு என்னாகும்" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதிலையும் லீவோடு சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

எப்போது கேட்பது என்றும் யோசித்தோம். சீவும் மெஷின் ஓடும்போது கத்திக் கேட்க முடியாது, ஓடர் கொடுத்தவர் முன்னாலும் கூடாது. வியாழன் பின்னேரம் கிழமைச் சம்பளம் கொடுக்கும் நேரம். அன்று கேட்டால் காசை வாங்கிக்கொண்டு ஓடப் பார்ப்பதுபோல் இருக்கும். புதன் காலை பட்டறையைக் கூட்டி முடித்து, அவர் தேத்தண்ணி குடிக்கும் நேரம்தான் சரி.

சொன்ன வார்த்தையைப் பையனே பிறகு வந்து எமக்கு ஒப்பித்தான்:

"காக்கா, உங்களோட ஒரு விசயம் கதைக்கணும். வாப்பாக்கு ஞாயித்துக்கிழமை கண் ஒப்பரேசனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. கூட நிக்க நான்தான் இருக்கன். புதன் வரைக்கும் நாலு நாள் லீவு தந்தீங்கண்டா பெரிய உதவி. கதவு ரெண்டையும் சனிக்கிழமை பின்னேரத்துக்குள்ள தேச்சி, சீலர் ஒரு கோட் அடிச்சி வச்சிட்டுத்தான் போவன். வியாழன் காலமே வந்திருவன்."

ஓடாவியார் உடனே ஆம் என்று சொல்லவில்லை. "நாலு நாள் என்னத்துக்கு? செவ்வாய் வரைக்கும் நில்லு" என்றிருக்கிறார். பையன் வாதாடவில்லை. "சரி காக்கா. டொக்டர் துண்டு வெட்டப் பிந்தினா முதல் நாளே சொல்றன்" என்றான். இந்த வார்த்தை நாம் சொல்லிக்கொடுத்ததல்ல, அவனுக்காக வந்தது.

அப்படியே பிந்தியது. சீனி கூடியிருந்ததால் ஒப்பரேசன் ஒரு நாள் தள்ளிப்போனது. திங்கள் மஃரிபுக்கு முன் வார்டுக்கு வெளியே நின்று கோல் எடுத்தான், மெசேஜ் போடவில்லை. ஓடாவியார் வாப்பாவின் கண்ணை விசாரித்தாராம். பிறகு, "கதவு நல்லா வந்திருக்கு, நார் எழும்பல்ல. நீ வியாழன் வா, வார்னிஷ் அடிக்கிறதப் பக்கத்தில நிண்டு பாரு" என்றாராம். ஒன்றரை வருடத்தில் வார்னிஷ் பக்கம் அவனை அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அந்தக் கடிதம் இன்னும் எமது மேசையில் கிடக்கிறது.