வலிக்குல்லா!

சீசன் ஆரம்பித்துவிட்டால் தென்காசி, இலஞ்சி, மேலகரம் பக்கம் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. "குளிக்க விடுதாவளா?" மலையில் மழை வலுத்து, பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டினால் போலீஸ் குளிக்கத் தடை போட்டுவிடும். ஐந்தருவியில் விட்டிருப்பார்கள், பேரருவியில் விட்டிருக்க மாட்டார்கள். அதனால் ஆட்டோ ஏறும் முன்னால் எதிரே வருகிறவர் தலை ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பதும், இப்படிக் கேட்பதும் எங்கள் ஊர் வழக்கம்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா இதையே ஒருநாள் போனிடம் கேட்டார். போனிடம் என்றால், மருமகளிடம். மகன் கட்டியிருப்பது புனேக்காரப் பெண். அவளுக்கு மராத்தி, இந்தி, இங்கிலீஷ் எல்லாம் வரும், தமிழ் இன்னும் வரவில்லை. பெரியம்மாவுக்குத் தமிழ் மட்டும். மகன் வீட்டில் இல்லாத நேரத்தில் இருவருக்கும் நடுவே பேச்சை எழுத்தாக்கி மொழிபெயர்க்கும் ஒரு ஆப் உட்கார்ந்திருக்கும். பெரியம்மா தமிழில் பேசினால் மேலே தமிழ் வரி வரும், கீழே இங்கிலீஷ் வரி வரும். அன்றைக்கு மேலே வந்தது, "குளிக்க விடுதி அவளா". கீழே வந்தது, "இஸ் ஷி தி ஹாஸ்டல் டு பாத்?" மருமகள் போனையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பெரியம்மாவும் சிரித்துவிட்டு, "ஏலே, இங்க வா" என்று பேரனைத் துணைக்குக் கூப்பிட்டார். போன் அதையும் கேட்டு, "எலி இங்கே வா" என்று எழுதியது.

சிரித்து முடித்த பிறகு யோசித்தால் இதில் இரண்டு இயந்திரங்கள் இருப்பது புரியும். முதலாவது காது. ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக, நொடிக்குச் சுமார் நூறு துண்டாக, எடுத்துப் பார்த்து, எந்த எழுத்து, எந்தச் சொல் என்று கணக்குப் போடும். காதில் விழுந்ததை மட்டும் வைத்து முடிவு செய்யாது. இந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவது வழக்கம் என்று தான் படித்து வைத்ததையும் சேர்த்துப் பார்க்கும். 'விடுதாவ' என்று ஒரு சொல்லை அது பார்த்ததே இல்லை என்றால், அதற்கு மிக அருகில் இருக்கும் தெரிந்த சொல்லைத் தேடிப் போகும். 'விடுதி' கிடைத்துவிட்டது. குற்றாலத்தில் விடுதிக்கா பஞ்சம்!

இரண்டாவது இயந்திரம் மொழிபெயர்ப்பாளர். இவர் பெரியம்மாவின் குரலைக் கேட்கவே இல்லை. முதல் இயந்திரம் நீட்டிய சீட்டை மட்டும் வாங்கிப் படிக்கிறார். 'விடுதாவளா' என்பதற்கு 'விடுதி அவளா' மட்டுமல்லாமல் வேறு இரண்டு மூன்று யோசனைகளும் முதல் இயந்திரத்திடம் இருந்திருக்கும், எதன் மேல் எவ்வளவு நம்பிக்கை என்ற மதிப்பெண்ணோடு. ஆனால் சீட்டில் முதலிடம் பிடித்த ஒன்றுதான் ஏறும். சந்தேகம் அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் கீழே வரும் இங்கிலீஷ் இலக்கணப் பிழையில்லாமல், ஒரு தயக்கமும் இல்லாமல் வந்து நிற்கிறது.

நான் சில வருஷம் வீட்டிலிருந்தே ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கிக் கொடுக்கும் வேலை பார்த்தவள். இந்த இயந்திரங்களுக்குப் பாடம் இப்படித்தான் போகிறது, ஒலி ஒரு பக்கம், அதன் எழுத்து ஒரு பக்கம். சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள ஏஐ4பாரத் குழு 'ஸ்ருதிலிபி' என்று ஒரு தொகுப்பு செய்தது. ஆகாசவாணியின் செய்தி ஒலிப்பதிவுகளையும் அவற்றின் எழுத்து வடிவத்தையும் பொருத்தி எடுத்தது. பெரிய வேலை அது, எங்கோ தூங்கிக்கொண்டிருந்த பதிவுகளைப் பயனுக்குக் கொண்டு வந்தார்கள். ஆனால் 'ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது' என்று தொடங்கிய எவரும் 'குளிக்க விடுதாவளா' என்று வாசித்ததில்லை. இந்தக் குறை தெரிந்துதான் அதே குழு 2024-ல் 'இண்டிக்வாய்சஸ்' என்று இன்னொரு தொகுப்பை வெளியிட்டது. 22 மொழிகளில், மாவட்டம் மாவட்டமாகப் போய், மக்கள் இயல்பாகப் பேசுவதைப் பதிவு செய்தது.

பதிவு செய்தால் மட்டும் போதுமா என்றால், அங்கேதான் என் போன்றவர்களின் தலைவலி. 'விடுதாவளா' என்பதை எப்படி எழுதுவது? ஒருவர் 'விடுதாவளா' என்பார், இன்னொருவர் 'உடுதாவளா' என்று காதில் விழுந்தபடி எழுதுவார், மூன்றாமவர் திருத்தி 'விடுகிறார்களா' என்று போடுவார். மூன்றும் நியாயம்தான். ஆனால் இயந்திரத்துக்கு ஒரு சொல் மூன்று தடவை கிடைப்பதற்குப் பதிலாக மூன்று சொற்கள் ஒவ்வொரு தடவை கிடைக்கின்றன. பேச்சுத் தமிழுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட எழுத்துக்கூட்டல் இல்லாததற்கு இப்படி ஒரு விலை இருக்கும் என்று தமிழ் வாத்தியார்கள் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

விடுதி, எலி எல்லாம் சிரிப்போடு போய்விடும். காரணம், அபத்தமாக இருக்கிறது, உடனே கண்டுபிடித்துவிடலாம். பயப்பட வேண்டியது அபத்தமே இல்லாமல், பார்த்தால் சரி போலவே வரும் தப்பு. அது போன ஆடி மாசம் அதே வீட்டில் நடந்தது.

பழைய குற்றாலத்தில் பெரியம்மா படியில் வழுக்கிவிட்டார். இடது கையை ஊன்றி விழுந்தார். எழுந்து நடந்துதான் வந்தார், மணிக்கட்டில் லேசான வீக்கம். தைலம் தடவிக்கொண்டு படுத்துவிட்டார். மகன் வேலையாகச் சென்னை போயிருந்தான். மறுநாள் காலையில் மருமகள் போனை நீட்டி, "கை வலிக்கிறதா?" என்று கேட்டிருக்கிறாள். பெரியம்மா சொன்னது, "வலிக்குல்லா. ராத்திரி தூங்கவே இல்ல."

நெல்லைச் சீமைக்காரர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 'அல்லவா' என்பது தேய்ந்து தேய்ந்து எங்கள் பேச்சில் 'ல்லா' என்று வால் மாதிரி ஒட்டிக்கொள்ளும். "நேத்தே சொன்னேம்லா" என்றால், நேற்றே சொன்னேன் அல்லவா. "வலிக்குல்லா" என்றால், வலிக்கிறது அல்லவா, கேட்கவா வேண்டும் என்று அர்த்தம். வலி இருக்கிறது என்று அடித்துச் சொல்லும் சொல்.

போனின் காதுக்கு இந்த வால் தெரியாது. அதற்குத் தெரிந்தது 'வலிக்கல', அதாவது வலிக்கவில்லை. 'வலிக்குல்லா'வுக்கும் 'வலிக்கல'வுக்கும் நடுவே என்ன இருக்கிறது? பாதி விழுங்கிச் சொல்லும் ஒரு உகரம், கொஞ்சம் அழுத்தி வரும் ஒரு 'ல்', கடைசியில் இழுக்கும் ஒரு ஆகாரம். சோர்ந்து போன குரலில் பேசினால் அந்த இழுப்பும் தேய்ந்துவிடும். போதாததற்கு அடுத்த வாக்கியம் 'இல்ல' என்று முடிகிறது. இரண்டு 'இல்லை' அடுத்தடுத்து வருவதுதான் அதன் கணக்கில் பொருத்தம். மேலே, "வலி இல்லை. ராத்திரி தூங்கவே இல்லை" என்று எழுதியது. கீழே, "நோ பெயின். டிடின்ட் ஸ்லீப் அட் ஆல் லாஸ்ட் நைட்."

மருமகள் படித்தாள். வலி இல்லை, நல்லது. தூக்கம் வரவில்லை, அன்று இரவெல்லாம் கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது, சரிதான். அவள் மேல் எந்தத் தப்பும் சொல்ல முடியாது. அடுத்த நாளும் கேட்டாள். "இப்பவும் வலிக்குல்லா" என்று பெரியம்மா சொன்னார். மறுபடியும் 'நோ பெயின்'. பெரியம்மாவுக்கோ மனதில் வேறு கணக்கு. ரெண்டு நாளாக வலிக்கிறது என்று சொல்கிறேன், இந்தப் பெண் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டுப் போகிறதே என்று. என்னிடம் வாசலில் நின்று அதைச் சொன்னபோது அவர் குரலில் வலியைவிட வருத்தம்தான் அதிகம்.

நான் போனை வாங்கி, பழைய பேச்சுகளைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் வரிசையாக இருந்தது. அன்று சாயங்காலமே மருமகள் தென்காசிக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தாள். மணிக்கட்டு எலும்பில் மெல்லிய விரிசல். மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். அந்தப் பெண் அழுதுவிட்டாள். பெரியம்மா நல்ல கையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டு என்னவோ சொன்னார், நல்லவேளை போன் பக்கத்தில் இல்லை.

அந்த வரிகளில் தடயம் இருந்தது. வலி இல்லாதவர் ஏன் தூங்கவில்லை என்ற இடத்தில் இரண்டு வாக்கியமும் ஒட்டவில்லை. ஆனால் படிக்கிறவர் மனசு அந்த விரிசலைத் தானாகவே பூசிவிடும், கரண்ட் மேல் பழி போட்டு. அதனால் கீழ் வரியை மட்டும் படிக்கிற ஆளால் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கண்டுபிடிக்கக்கூடியவர் பேசியவர்தான். பெரியம்மா நாற்பது வருஷமாக வாரப் பத்திரிகை படிக்கிறவர், மேல் வரியில் இருக்கும் தமிழை ஒரு நொடியில் படித்துவிடுவார். யாரும் அவரிடம் அதைக் காட்டவில்லை, போனைத் திருப்பி மருமகள் பக்கம் நீட்டுவதே பழக்கமாகிவிட்டது. இப்போது முதலில் பெரியம்மா தமிழ் வரியைப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் போன் கை மாறுகிறது. படிக்கத் தெரியாதவர்களுக்கு, அந்தத் தமிழ் வரியையே வாசித்துக் காட்டும் ஸ்பீக்கர் பொத்தான் பல ஆப்களில் உண்டு.

ஒலியிலிருந்து எழுத்தைத் தொடாமல் நேரே மொழிபெயர்க்கும் முறையும் வந்துவிட்டது. அதில் குரலின் குழைவு கொஞ்சம் மிஞ்சும் என்கிறார்கள், நியாயம்தான். ஆனால் நடுவில் தமிழ் வரி இல்லையென்றால் பெரியம்மா எதைப் பார்த்துத் தலையாட்டுவார் என்பது என் கவலை.

இன்னொரு ஜோடியையும் அந்த வீட்டில் ஒதுக்கி வைத்தோம். 'வேணும்', 'வேணாம்'. எழுதும்போது நடுவில் ஒரு எழுத்து வித்தியாசம் தெரிகிறது. பேசும்போது கடைசி 'ம்' உதட்டுக்கு வருவதே இல்லை, மூக்கோடு ஒரு முனகலாக நின்றுவிடுகிறது. மிச்சம் இருப்பது ஒரு உயிரெழுத்தின் வித்தியாசம். அதை அருவிக்கரையில் நின்று சொன்னால், அந்த இரைச்சலில் போன் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும். 'மாத்திரை வேணாம்' என்பது 'மாத்திரை வேணும்' ஆவதற்கு வெகுநேரம் ஆகாது. அதனால் வேண்டாம் என்றால் 'போதும்' என்கிறார், வேண்டுமென்றால் 'குடு' என்கிறார். வலிக்கு 'வலி இருக்கு'. இந்த மூன்றும் இதுவரை பிசகவில்லை.

மற்றபடி போனுக்காகப் பேச்சை மாற்றிக்கொள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அவரே ஒருநாள் டி.வி. செய்தி வாசிக்கிற மாதிரி, "எனக்குத் தேநீர் வேண்டும்" என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லிப் பார்த்தார். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான், அதோடு விட்டுவிட்டார். மருமகள்தான் ஒரு நோட்டு வாங்கியிருக்கிறாள். முதல் பக்கத்தில் தேவநாகரி எழுத்தில் 'ல்லா' என்று எழுதி, பக்கத்தில் 'ஆமாம், கண்டிப்பாக' என்று மராத்தியில் குறித்து வைத்திருக்கிறாள். போன வாரம் காய்கறிக்காரரிடம், "நேத்து தக்காளி இருபது ரூபால்லா?" என்று கேட்டாளாம். அவர் அஞ்சு ரூபாய் குறைத்துக் கொடுத்திருக்கிறார்.