ஒரே எடை, இரு பொருள்

பெங்களூருவில் ஏழரை மாதத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்ததாகக் கொள்வோம். மூன்றாம் நாள் குதிகாலில் குத்தியெடுத்த இரத்தத் துளிகள் வடிதாளில் உலர்ந்து ஆய்வகம் சேர்கின்றன. எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் வழக்கமான சோதனை, 17-ஹைட்ராக்சிப்ரோஜெஸ்டிரோன் லிட்டருக்கு 80 நானோமோல் என்கிறது. பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி என்ற ஐயம் எழுகிறது. ஐயம் மெய்யானால், வெளிப்பார்வைக்கு நலமாயிருக்கும் குழந்தை இரண்டாம் வாரத்தில் உடலின் உப்பை இழந்து இறக்கவும் கூடும். பொய்யானால், தேவையற்ற ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்கப்படலாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்தபோது, ஏறத்தாழ 5,762 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தது. இவ்வளவு அரிய நோயைத் தேடும்போது, பொய்யான எச்சரிக்கைகள் மெய்யானவற்றைவிட மிகுதியாவது இயல்பு.

எதிர்ப்பொருள் மூலக்கூறின் ஒரு பகுதியை மட்டுமே பற்றிப் பிடிக்கிறது. குறைமாதக் குழந்தையின் அட்ரீனல் சுரப்பி மிகுதியாக வெளியிடும் 17-ஹைட்ராக்சிப்ரெக்னெனொலோன் சல்பேட் அதே சாயலுடையது. அதுவும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

எனவே, அதே தாளிலிருந்து 3 மில்லிமீட்டர் வட்டம் ஒன்றை வெட்டித் திரவ நிறப்பிரிகை நிறைநிறமாலைமானிக்கு அனுப்புகின்றனர். அது 331 என்ற நிறையுடைய அயனியைத் தேர்ந்து உடைத்து, 97, 109 என்னும் துண்டுகளை எண்ணுகிறது. ஆனால் 11-டிஆக்சிகார்டிகோஸ்டிரோனுக்கும் அதே நிறை, அதே துண்டுகள். ‘தகவு’, ‘கதவு’ இரண்டும் ஒரே எழுத்துகளால் ஆனவை, வரிசைதான் வேறு. தராசுக்கு வரிசை தெரியாது. அதைப் பிரித்தறிவது முன்னே நிற்கும் நிறப்பிரிகைக் குழல்தான். கொழுப்பை நாடும் அதன் உட்பொருளில் இரண்டும் வெவ்வேறு அளவில் ஒட்டிக்கொள்வதால், வெவ்வேறு நொடிகளில் வெளியேறுகின்றன. குழல் பழையதாகி அவ்விடைவெளி குறுகினால், இரு முகடுகளும் ஒன்றி விடை பொய்யாக உயரும்.

அளவிட, டியூட்டீரியம் ஏற்றிய அதே ஹார்மோன் தெரிந்த அளவில் முன்னரே கலக்கப்படுகிறது. குழந்தையின் முகடு 12,000, டியூட்டீரிய முகடு 60,000 எனில் விகிதம் 0.20. 50 நானோமோல் கொண்ட அளவுத்திருத்த மாதிரி 0.40 தருமானால், குழந்தையின் அளவு 25. இரத்தத்தின் பிற பொருள்கள் அயனியாதலைப் பாதியாக்கினாலும் இரண்டும் சேர்ந்தே குறையும். 6,000க்கு 30,000, விகிதம் அதுவே.

ஆயினும் சரியான அளவே நோயறிதல் ஆகிவிடாது. குறைமாதத்தின் நெருக்கடியில் இந்த ஹார்மோன் உண்மையாகவே சற்று உயரும். ஆகவே அதே ஓட்டத்தில் ஆண்ட்ரோஸ்டீன்டையோனும் கார்டிசோலும் அளக்கப்படுகின்றன. நோயில் முன்னது உயர்ந்து, பின்னது தாழ்ந்திருக்கும். நெருக்கடியில் கார்டிசோல் பொதுவாக அவ்வாறு தாழ்வதில்லை. இக்குழந்தைக்கு விகிதம் இயல்பானால், மறுமாதிரி எடுத்துக் கண்காணிப்பதே போதுமாகலாம். வாந்தியும் சோர்வும் சோடியக் குறைவும் தென்பட்டுவிட்டால், எந்தக் கருவியின் விடைக்கும் காத்திராமல் சிகிச்சை தொடங்கப்பட வேண்டும்.